கடையில் வழுக்கி விழுந்தவர் கேஸ் போட்டுவிட்டார்: இன்சூரன்ஸுக்கு என்ன அனுப்ப வேண்டும், எவ்வளவு நாளில்?

இர்விங் மளிகை | மார்ச் 17, 2025, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் டாலஸ் பக்கம் சின்னதாக ஒரு இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை, அதாவது 13ஆம் தேதி, மத்தியானம் கூட்டம் இருந்த நேரத்தில் ஒருவர் வந்து என் பெயரைக் கேட்டார். நான்தான் என்றதும் ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டாலஸ் கவுண்டி கோர்ட் கேஸ். 2023 ஏப்ரல் 15 அன்று கடைக்குள் ஒரு அம்மா தோசை மாவு சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதற்குத்தான் கேஸ். கடை எல்எல்சி, என் சொந்தப் பெயர், அப்போது வேலை பார்த்த ஒரு பையன், கட்டட ஓனர் என்று நாலு பேரைப் பிரதிவாதியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

(எடிட்: ஒரு பத்தியை நீக்கிவிட்டேன்.)

கடைக்கு லயபிலிட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது. இப்போதைய ஏஜென்ட்டுக்கு வாட்ஸாப்பில் "கேஸ் வந்திருக்கு, பேசணும்" என்று போட்டேன். "ஓகே சார், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. இது போதுமா? கூகுளில் தேடினால் டெண்டர் என்று ஏதோ வருகிறது. ரோடு போடுகிற டெண்டர்தான் எனக்குத் தெரியும்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 17, இரவு 11:15

பதறாதீர்கள். ஏஜென்ட்டுக்குச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அவர் பார்த்துக்கொள்வார். அதற்குத்தானே வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோம். டெக்சாஸில் தாமதமாகச் சொன்னாலும் இன்சூரன்ஸ்காரன் கைவிட முடியாது. தாமதத்தால் தனக்கு நிஜமாகவே பாதிப்பு வந்தது என்று அவன்தான் காட்ட வேண்டும். என் கிளையன்ட் ஒருவர் ஆறு மாதம் கழித்துச் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, காலை 6:05

இர்விங் தம்பி, முதல் வேலையாக உங்கள் பதிவில் இரண்டாவது பத்தியை எடுத்துவிடுங்கள். மாவு எப்போது சிந்தியது, யார் பார்த்தார்கள், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதெல்லாம் பொது இடத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலும் தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் படிப்பார். இனிமேல் சம்பவத்தைப் பற்றி உங்களுக்காக நியமிக்கப்படும் வக்கீலிடம் மட்டும் பேசுங்கள்.

டாலஸில் லயபிலிட்டி க்ளெய்ம் பக்கம் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை.

முதலில் தேதி. டெக்சாஸ் கோர்ட்டில் கணக்கு கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 20 நாள் முடிந்து, அதன் பிறகு வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் மனு தாக்கலாகியிருக்க வேண்டும். உங்களுக்கு 13ஆம் தேதி வந்தது. 20 நாள் என்றால் ஏப்ரல் 2, புதன். அடுத்த திங்கள் ஏப்ரல் 7. அன்று காலை 10 மணி. இதை எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள். உங்கள் தாளிலேயே சிட்டேஷன் என்ற முதல் பக்கத்தில் இந்த வாக்கியம் இருக்கும், பாருங்கள்.

அந்த நேரம் தாண்டினால் வாதி தரப்பு டிஃபால்ட் கேட்கலாம். நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி என்போமே, அதேதான். நீங்கள் வராததால் அவர்கள் சொன்னதை உண்மை என்று வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அடுத்து டெண்டர். இந்த இடத்தில் அதற்கு ஒப்படைப்பு என்று பொருள். "இதோ என் மேல் வந்த வழக்கு, தாள்கள் இவை, பாலிசிப்படி எனக்காக வக்கீல் வைத்து இதை நடத்துங்கள்" என்று எழுத்தில் கேட்பதுதான் டெண்டர் ஆஃப் டிஃபென்ஸ். கேஸ் வந்திருக்கு என்று தகவல் சொல்வது வேறு, எனக்காக நடத்து என்று கேட்பது வேறு. உங்கள் வாட்ஸாப்பில் இருப்பது முதலாவதுகூட முழுசாக இல்லை.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, காலை 6:20

கணக்குப்பிள்ளை சாருக்குத் தனியாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன சட்டம் சரி, ஆனால் பாதிதான். பாதிப்பை இன்சூரன்ஸ் கம்பெனிதான் காட்ட வேண்டும், உண்மை. உங்கள் கிளையன்ட் கேஸில் ஆறு மாதத்தில் தீர்ப்பு எதுவும் ஆகியிருக்காது, அதனால் தப்பித்தார். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1993இல் ஒரு வழக்கில் என்ன சொன்னது தெரியுமா? டிஃபால்ட் தீர்ப்பு விழுந்து, அதை மாற்றுகிற கெடுவும் முடிந்து, இறுதியான பிறகுதான் கம்பெனிக்குத் தெரிய வந்தது என்றால் அதுவே பாதிப்பு, வேறு சாட்சி வேண்டாம் என்றது. மாற்றக் கேட்க தீர்ப்பு கையெழுத்தான நாளிலிருந்து பொதுவாக 30 நாள்தான்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 18, காலை 8:30

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏஜென்ட்டிடம் சொன்னால் கம்பெனியிடம் சொன்ன மாதிரிதானே? அவர்தானே பாலிசி விற்றவர்.

---

மீனா பாராலீகல் | மார்ச் 18, காலை 9:10

சார், அது ஏஜென்ட் யாருக்கு ஏஜென்ட் என்பதைப் பொறுத்தது. சிலர் கம்பெனியின் ஆள், சிலர் புரோக்கர், அதாவது உங்கள் சார்பில் கம்பெனி தேடித் தந்தவர். இரண்டாவது வகை என்றால் அவர் மேஜையில் தாள் கிடந்தது கம்பெனிக்குக் கிடைத்ததாக ஆகாது. இந்தச் சண்டையைப் பிறகு போடுவதற்குப் பதில் இன்றே கம்பெனிக்கு நேராக அனுப்பிவிட்டு ஏஜென்ட்டுக்கு நகல் போடலாம். பாலிசியில் க்ளெய்ம் அனுப்ப வேண்டிய முகவரி, மெயில் இரண்டும் இருக்கும்.

நான் பிரதிவாதி தரப்பு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாதம் ஒரு ஃபைலாவது இப்படி வரும். தாள் வந்தது ஒரு தேதி, எங்களுக்கு வந்தது கெடுவுக்கு முந்தைய நாள் சாயங்காலம். நடுவில் அது ஏஜென்ட்டின் இன்பாக்ஸிலோ, அக்கவுண்டன்ட்டின் டிராயரிலோ தூங்கியிருக்கும்.

---

எடிசன் ரகு | மார்ச் 18, காலை 9:45

எங்கள் நியூ ஜெர்சியில் 35 நாள். நிதானமாகச் செய்யலாம் அண்ணா.

---

மீனா பாராலீகல் | மார்ச் 18, காலை 9:52

ரகு, அவர் டெக்சாஸில் இருக்கிறார். ஃபெடரல் கோர்ட் என்றால் 21 நாள், கலிஃபோர்னியா 30. வேறு மாநிலத்துக் கணக்கைச் சொல்லி அவரைக் குழப்ப வேண்டாமே.

---

ஸ்கார்பரோ சிவா | மார்ச் 18, காலை 10:20

எங்கட ஒண்டாரியோவில 20 நாள். எனக்கும் ஒரு பிரச்சினை இருக்குது. என்ர கடையில வேலை செய்யிற பெடியன் ஏணியில இருந்து விழுந்திட்டான். இதே மாதிரி இன்சூரன்ஸுக்கு எழுதினால் சரியோ?

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, காலை 11:00

சிவா, அது வேறு பாதை. வேலையாள் வேலையில் அடிபட்டால் வாடிக்கையாளருக்கான லயபிலிட்டி பாலிசியில் பொதுவாக விலக்கு இருக்கும், தொழிலாளர் இழப்பீட்டுப் பக்கம்தான் போக வேண்டும். ஒண்டாரியோ நடைமுறையை அங்கே உள்ள ஒருவரிடம் கேளுங்கள். தனி இழை போட்டால் யாராவது சொல்வார்கள்.

இர்விங் தம்பி, இனிதான் முக்கியமானது. 2023 ஏப்ரலில் உங்களுக்கு எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ்? இப்போது இருப்பதேதானா?

---

இர்விங் மளிகை | மார்ச் 18, மதியம் 1:30

பத்தியை நீக்கிவிட்டேன் அண்ணா, நன்றி.

அதே கம்பெனி இல்லை. போன செப்டம்பரில் பிரீமியம் அதிகமாக இருக்கிறது என்று மாற்றினோம். ஏஜென்ட்டும் வேறு. பழைய பாலிசி எங்கே என்றே தெரியவில்லை. பழைய ஏஜென்ட் ஃபோன் எடுக்கவில்லை. இப்போதைய கம்பெனிக்குத்தானே நான் பணம் கட்டுகிறேன், அவர்கள்தானே பார்க்க வேண்டும்?

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, மதியம் 2:10

நினைத்தேன். கடைக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சாதாரண கடை லயபிலிட்டி பாலிசி, காயம் நடந்த நாளை வைத்துப் பார்க்கும். கேஸ் போட்ட நாளைப் பார்க்காது. அந்த அம்மா விழுந்தது 2023 ஏப்ரல் 15. அன்றைக்கு யார் பாலிசி அமலில் இருந்ததோ அவர்கள்தான் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள். டெக்சாஸில் காயத்துக்கு வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வாதி வக்கீல்கள் பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் போடுவார்கள். அதற்குள் கடைக்காரர் ஒரு தடவையாவது கம்பெனி மாற்றியிருப்பார். தாள் புதுக் கம்பெனிக்குப் போகும். அவர்கள் ஒரு வாரம் கழித்து "விபத்து எங்கள் பாலிசிக் காலத்தில் இல்லை" என்று மறுத்துக் கடிதம் போடுவார்கள். அதைப் படிக்கும்போது ஏப்ரல் 7 கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பழைய பாலிசியைத் தேட ஒரு வழி. உங்கள் கட்டட ஓனருக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் ஒன்று போயிருக்கும், லீஸில் கேட்டிருப்பார்கள். ஒரே பக்கம். அதில் கம்பெனி பெயர், பாலிசி எண், காலம் எல்லாம் இருக்கும். 2022 அல்லது 2023க்கானதைக் கேளுங்கள். அல்லது வங்கி ஸ்டேட்மென்டில் பிரீமியம் யாருக்குப் போனது என்று பாருங்கள். மெயிலில் பழைய ஏஜென்ட் பெயரைப் போட்டுத் தேடுங்கள், புதுப்பித்த பாலிசியின் பிடிஎஃப் வந்திருக்கும். அம்ப்ரெல்லா பாலிசி என்று, இந்தப் பாலிசித் தொகைக்கு மேல் கூடுதல் பாதுகாப்பாக ஒன்று எடுத்திருந்தால் அதற்கும் அனுப்ப வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பழையது, புதியது இரண்டுக்கும் அனுப்புங்கள். ஆனால் விபத்துத் தேதியை முதல் வரியிலேயே போடுங்கள்.

---

இர்விங் மளிகை | மார்ச் 18, மாலை 5:45

கிடைத்தது! கட்டட ஓனர் ஆஃபீஸில் உள்ள அம்மா பத்து நிமிஷத்தில் மெயில் போட்டார். 2022 செப்டம்பர் முதல் 2023 செப்டம்பர் வரை. பாலிசி எண் இருக்கிறது. ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர், வருஷத்துக்கு மொத்தம் இருபது லட்சம் என்று போட்டிருக்கிறது.

அவர்களுக்கு என்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரி கொடுத்தால் உதவியாக இருக்கும். அப்புறம் இன்னொரு விஷயம். அந்த அம்மாவுக்கு அன்றைக்கே 300 டாலர் கொடுத்தேன், அர்ஜென்ட் கேர் போக. அதைச் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா?

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, இரவு 8:25

மறைக்கவே கூடாது. பாலிசியில் நிபந்தனைகள் என்ற பிரிவைப் படித்தால், கம்பெனி சம்மதம் இல்லாமல் நீங்களாகப் பணம் கொடுக்காதீர்கள், பொறுப்பேற்காதீர்கள், முதலுதவிச் செலவு மட்டும் விதிவிலக்கு என்று இருக்கும். அர்ஜென்ட் கேர் பணத்தை முதலுதவி என்று எடுத்துக்கொள்வார்களா என்பதை அவர்கள் சொல்லட்டும். 300 டாலருக்காகப் பத்து லட்சம் பாதுகாப்பை இழக்க மாட்டீர்கள். பொய் சொன்னால்தான் ஆபத்து. இனிமேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், "தப்பு எங்களுதுதான்" என்று அந்தக் குடும்பத்துக்கு மெசேஜும் அனுப்பாதீர்கள்.

அதே பிரிவில்தான் வழக்குத் தாள் பற்றியும் இருக்கிறது. தாள் வந்த தேதியைக் குறித்து வை, முடிந்த அளவு சீக்கிரம் எழுத்தில் தெரிவி, கிடைத்த சம்மன், நோட்டீஸ், கோரிக்கைக் கடிதம் எல்லாவற்றின் நகலையும் உடனே அனுப்பு, விசாரணைக்கு ஒத்துழை.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இதுதான்:

> பாலிசி எண், காலம், காப்பீடு பெற்ற எல்எல்சியின் பெயர்.
>
> 2023 ஏப்ரல் 15 அன்று எங்கள் கடையில் நடந்ததாகச் சொல்லப்படும் காயம் தொடர்பாக டாலஸ் கவுண்டியில் வழக்குத் தொடரப்பட்டுள்ளது. வழக்கு எண் இது. எல்எல்சிக்கும் எனக்கும் 2025 மார்ச் 13 அன்று தாள்கள் சேர்ப்பிக்கப்பட்டன. பதில் மனு 2025 ஏப்ரல் 7, காலை 10 மணிக்குள் தாக்கலாக வேண்டும்.
>
> சிட்டேஷன், மனு, இணைப்புகள் அனைத்தும் இத்துடன் உள்ளன. எல்எல்சிக்கும், உறுப்பினரான எனக்கும் இந்த வழக்கில் பாதுகாப்பும், தீர்ப்போ சமரசமோ வந்தால் இழப்பீட்டுக் காப்பும் அளிக்குமாறு கோருகிறோம். வக்கீல் நியமித்த விவரத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.

இவ்வளவுதான். விபத்து எப்படி நடந்தது, யார் தப்பு என்ற கதை எதுவும் வேண்டாம். டெக்சாஸில் கம்பெனி வக்கீல் வைக்க வேண்டுமா என்பதை முதலில் மனுவையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் மனு முழுசாகப் போக வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஸ்டேப்ளரைப் பிரித்து, கடைசிப் பக்கம் வரை, பின்பக்கத்தில் சீல் இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

மெயிலில் அனுப்புங்கள், அதையே சர்டிஃபைட் மெயிலில் ரசீதோடும் அனுப்புங்கள். பிறகு க்ளெய்ம் லைனுக்கு ஃபோன் போட்டு க்ளெய்ம் எண் வாங்குங்கள். எண் கைக்கு வரும் வரை அனுப்பியது போய்ச் சேர்ந்ததாக நினைக்காதீர்கள்.

---

தாராபுரத்தான் | மார்ச் 18, இரவு 9:40

இவ்வளவு எதற்கு? வாதி வக்கீல் ஏற்கெனவே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பான். அவர்களுக்குப் பணம் வரப்போவதே அங்கேயிருந்துதானே. கம்பெனிக்குத் தெரிந்தாலே போதும்.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 18, இரவு 10:30

இதை நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினேன். 2008இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் நேஷனல் யூனியன் என்ற கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் இதற்கு முடிவு கட்டியது.

ஒரு முதியோர் இல்லம். அங்கே வேலை செய்த ஒருவர் கதவைத் திறந்தபோது அங்கே தங்கியிருந்த ஒரு பாட்டி மேல் அது பட்டு அடி. பாட்டி இல்லத்தின் மேலும் அந்த ஊழியர் மேலும் கேஸ் போட்டார். இல்லத்தின் பாலிசியிலேயே ஊழியருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த ஊழியருக்கு அது தெரியாது. தன் கைக்கு வந்த தாளை யாருக்கும் அனுப்பவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. இல்லத்துக்காக வக்கீல் வைத்த கம்பெனிக்கு ஊழியர் மேலும் கேஸ் இருப்பது நன்றாகவே தெரியும். இல்லம் ஜெயித்தது. ஊழியர் மேல் பத்து லட்சம் டாலர் டிஃபால்ட் தீர்ப்பு. பாட்டி தரப்பு அதை வைத்துக் கம்பெனியிடம் கேட்டது. கோர்ட் சொன்னது: கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்பது போதாது. உனக்குப் பாதுகாப்பு உண்டு என்று கூப்பிட்டுச் சொல்கிற கடமையும் கம்பெனிக்கு இல்லை. அவர் தாளை அனுப்பி, எனக்காக நடத்துங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, கிடையாது.

இதில் எனக்குப் பிடிக்காத பகுதியும் உண்டு. ஒரு கடைநிலை ஊழியர் முதலாளியின் பாலிசியை எப்படித் தெரிந்துகொள்வார்? ஆனால் தீர்ப்பு அதுதான்.

இர்விங் தம்பி, உங்கள் பையன் நினைவுக்கு வருகிறானா?

---

இர்விங் மளிகை | மார்ச் 18, இரவு 10:50

வயிற்றைக் கலக்குகிறது அண்ணா. அவன் மேலும் கேஸ் இருக்கிறது, நானோ மாதிரிக் கடிதத்தில் எல்எல்சியும் நானும் மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவன் படிப்பு முடிந்து ஹூஸ்டனுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவனுக்குத் தாள் போயிருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

---

மீனா பாராலீகல் | மார்ச் 18, இரவு 11:05

இப்போதே கூப்பிடுங்கள். வேலை நேரத்தில், உங்கள் வேலையாகச் செய்ததற்கு அவனும் பாலிசியில் வருவான். அவனுக்குத் தாள் எந்த நாளில் கிடைக்கிறதோ அதிலிருந்து அவன் கெடு தனி. உங்கள் ஏப்ரல் 7 அவனுக்குப் பொருந்தாது. உங்கள் கடிதத்தில் அவன் பெயரையும் சேருங்கள், கூடவே அவனையும் தனியாக ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். அவன் சார்பில் நீங்கள் கேட்டது போதுமா என்று பிறகு யாரும் வாதாட இடம் வைக்காதீர்கள்.

சம்பவத்தைப் பற்றி அவனிடம் அலச வேண்டாம். "தாள் வந்தால் அதே நாளில் இந்த முகவரிக்கு அனுப்பு" என்பது மட்டும்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 19, காலை 8:15

ஒரு யோசனை. கம்பெனி பதில் சொல்வதற்குள் சொந்தமாக வக்கீல் வைத்துப் பதில் மனு போட்டுவிட்டால் பயமே இல்லையே. பிறகு பில்லைக் கம்பெனிக்கு அனுப்பினால் கொடுத்துவிடுவார்கள்.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 19, காலை 9:00

மறுபடியும் பாதி சரி சார்! கெடு நெருங்கியும் கம்பெனி வாயைத் திறக்கவில்லை என்றால் சொந்த வக்கீல் வைத்தாவது பதில் மனு போடத்தான் வேண்டும். டெக்சாஸில் எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்கிற பொது மறுப்பு ஒரு பக்கத்தில் முடியும். எல்எல்சிக்கு வக்கீல்தான் போட வேண்டும். ஆனால் பில் விஷயம் அப்படி இல்லை. டெண்டர் செய்வதற்கு முன் ஆன வக்கீல் செலவைக் கம்பெனி தர வேண்டியதில்லை என்பதுதான் இங்கே பொதுவாகச் செல்லுபடியாகிற நிலை. கேட்ட பிறகும் அவர்கள் செய்யாமல் விட்டதால் ஆன செலவு வேறு கதை. ஆக முதலில் கேளுங்கள். ஏப்ரல் 1 வரை வக்கீல் பெயர் வரவில்லை என்றால் அன்றைக்கே சொந்த வக்கீலைக் கூப்பிடுங்கள், அதையும் கம்பெனிக்கு எழுதிவிட்டு.

---

இர்விங் மளிகை | மார்ச் 19, இரவு 9:30

எல்லாம் அனுப்பியாயிற்று. மொத்தம் 23 பக்கம். மெயில், சர்டிஃபைட் மெயில் இரண்டும். க்ளெய்ம் லைனில் நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டுவிட்டுக் கடைசியில் எண் வாங்கிவிட்டேன். புதுக் கம்பெனிக்கும் ஒரு நகல். பையனிடமும் பேசினேன், இன்னும் தாள் வரவில்லையாம்.

சிசிடிவி பதிவு அப்போதே அழிந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்து வீடியோவை ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன், கிடைக்கிறது. அதைக் கம்பெனிக்கு அனுப்பலாமா?

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 19, இரவு 9:50

இருக்கிறது என்று மட்டும் கம்பெனியில் உங்கள் க்ளெய்மைக் கவனிக்கும் அட்ஜஸ்டரிடம் சொல்லுங்கள், வக்கீல் கேட்கும் விதத்தில் கொடுங்கள். அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், ஃபோனை மாற்றாதீர்கள். உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சரி. இந்த மாதிரி கேஸில் மாவு எவ்வளவு நேரம் தரையில் கிடந்தது என்பதுதான் பெரும்பாலும் கேள்வியே.

---

இர்விங் மளிகை | மார்ச் 28, இரவு 10:15

புதுத் தகவல். அட்ஜஸ்டர் 24ஆம் தேதி கூப்பிட்டார். இன்று இரண்டு தாள் வந்தது. ஒன்று, வக்கீல் நியமித்தாயிற்று, கெடுவுக்குள் பதில் போடுவார். நிம்மதி. இரண்டாவது "ரிசர்வேஷன் ஆஃப் ரைட்ஸ்" என்று ஐந்து பக்கம். வழக்கை நடத்துகிறோம், ஆனால் விபத்தை 2023இலேயே தெரிவிக்காதது பற்றியும், தண்டனை இழப்பீடு கேட்டிருப்பது பற்றியும் எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்கிறார்கள். கொடுத்த மாதிரியும் இருக்கிறது, கொடுக்காத மாதிரியும் இருக்கிறது.

பையனுக்கு 22ஆம் தேதி சனிக்கிழமை ஹூஸ்டனில் தாள் கிடைத்தது. அன்றைக்கே அவன் அனுப்பினான். அவன் கெடு ஏப்ரல் 14. அவனுக்கும் அதே வக்கீல்.

அப்புறம் கட்டட ஓனரின் வக்கீலிடமிருந்து எனக்கு ஒரு கடிதம். லீஸ்படி எங்கள் வழக்கையும் நீயும் உன் இன்சூரன்ஸும் ஏற்க வேண்டும் என்று எங்களுக்கே டெண்டர் செய்கிறார்கள். பத்து நிமிஷத்தில் சர்டிஃபிகேட் அனுப்பிய அதே ஆஃபீஸ்!

---

மீனா பாராலீகல் | மார்ச் 28, இரவு 10:40

ஓனர் பழைய பாலிசியில் கூடுதல் காப்பீடு பெற்றவராக, அதாவது உங்கள் பாலிசியிலேயே அவரும் சேர்க்கப்பட்டவராக இருந்தால் அவரே நேராகக் கம்பெனியிடம் கேட்கட்டும். அந்த முதியோர் இல்லத் தீர்ப்பு அவருக்கும்தான். நீங்கள் கடிதத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 29, காலை 6:30

மீனா சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அவர் கேட்பதில் இரண்டு சரடு இருக்கிறது. கூடுதல் காப்பீடு ஒன்று. லீஸில் நீங்கள் எழுதிக்கொடுத்த பொறுப்பு இன்னொன்று. இரண்டாவதில் உங்களுக்கே ஒரு கடன் நிற்கிறது. அதைப் பாலிசி தாங்குமா என்பது லீஸின் வாசகத்தைப் பொறுத்தது. ஓனர் தன் சொந்தக் கவனக்குறைவுக்கும் சேர்த்து உங்களைப் பொறுப்பாக்க வேண்டும் என்றால் டெக்சாஸில் அதை வெளிப்படையாக, கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். அதனால் அந்தக் கடிதத்தை இன்றே அதே க்ளெய்ம் எண் போட்டு அனுப்புங்கள், ஓனருக்கு ஒப்புக்கொண்டோ மறுத்தோ நீங்களாகப் பதில் எழுதாதீர்கள்.

ரிசர்வேஷன் கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம், தொலைக்கவும் வேண்டாம். வக்கீல் செலவு அவர்களுடையது. கடைசியில் தீர்ப்புத் தொகை என்று வரும்போது அந்த ஐந்து பக்கத்தை எடுப்பார்கள். 2023இல் பழைய ஏஜென்ட்டுக்கு விபத்தைப் பற்றி ஒரு மெயிலாவது போட்டீர்களா?

---

இர்விங் மளிகை | மார்ச் 29, காலை 7:10

ஃபோனில் சொன்னதாக ஞாபகம். மெயில் எதுவும் கிடைக்கவில்லை. அவர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை.

---

பழைய அட்ஜஸ்டர் | மார்ச் 29, காலை 7:25

2023 ஏப்ரல், மே ஃபோன் பில்லை இறக்கிப் பாருங்கள். அவர் எண்ணுக்கு எத்தனை நிமிஷம் பேசியிருக்கிறீர்கள் என்று இருந்தாலும் வக்கீலுக்கு உதவும். லீஸில் இழப்பீட்டுப் பத்தி எத்தனாவது பக்கம்? பெரிய எழுத்தில் இருக்கிறதா?

---

இர்விங் மளிகை | மார்ச் 29, காலை 7:40

லீஸ் கடையில் இருக்கிறது, அரிசி மூட்டைக்குப் பின்னால் உள்ள பீரோவில். ஒன்பது மணிக்குத் திறந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.